பள்ளி வேன் வாடகையைத் தூரத்துக்கேற்பப் பங்கிடுதல்: ஐந்து வீடுகளின் கணக்கு

ஐந்து வீடுகளைச் சேர்ந்த ஆறு பிள்ளைகள் ஒரே வேனில் பள்ளிக்குச் சென்று வருகிறார்கள். வேனின் மாத வாடகை 12,000. பணத்தின் பெயர் எதுவானாலும் கணக்கு மாறப்போவதில்லை என்பதால், தொகைகளை இக்கட்டுரை முழுவதும் வெறும் எண்களாகவே தருகிறேன். ஓராண்டுக்கும் மேலாகப் பிள்ளைக்கு 2,000 என்று சமமாகப் பிரித்துக் கொடுத்து வந்தோம். யாரும் கேள்வி கேட்கவில்லை. பள்ளிக்கு மிக அருகில், 2 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வீட்டுக்கு வேறொரு சிறு வண்டிக்காரர் மாதம் 1,500க்கு ஏற்றிச் செல்வதாகச் சொன்னபோதுதான் கேள்வி எழுந்தது. அந்த வீட்டம்மா எங்களிடம் நேர்மையாகவே பேசினார். "உங்களை விட்டுப் போக எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் 12 கிலோமீட்டரிலிருந்து வரும் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் ஒரே தொகை என்பது எப்படிச் சரியாகும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கணக்கைப் போட்டவனுக்கும் அதில் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் இரு பிள்ளைகளும் 8 கிலோமீட்டர் தொலைவிலிருந்து இதே வேனில்தான் போகிறார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் எனக்கு என்ன கூடுகிறது, என்ன குறைகிறது என்பதைக் கூட்டத்தில் முதலில் வாசித்துவிட்டுத்தான் மற்றவர்களின் தொகைக்குச் சென்றேன்.

தூரத்தை அளந்த விதம்

வீட்டிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று ஒவ்வொருவரையும் கேட்டால், அவரவர் தாம் போகும் வழியைச் சொல்வார்கள். இருசக்கர வண்டி நுழையும் குறுக்குவழியில் வேன் நுழையாது. வரைபடத்தில் நேர்கோடாக இழுத்த தூரத்துக்கும் சக்கரம் உருளும் தூரத்துக்கும் தொடர்பே இராது. இந்தக் கணக்குக்கு வேண்டியது வேன் உண்மையில் போகும் பாதையின் தூரம் மட்டுமே. அதனால் ஒரு நாள் காலை வேன்காரர் புறப்படும் இடத்திலிருந்தே அவருடன் முன்னிருக்கையில் உட்கார்ந்து சென்றேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வேன் நின்றவுடன் மீட்டர் காட்டிய எண்ணைக் கைக்குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வேன்காரரின் வீடு பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் அவர் வெறும் வண்டியை 12 கிலோமீட்டர் வரை ஓட்டிச் சென்று, கடைசி வீட்டுப் பிள்ளையை முதலில் ஏற்றிக்கொண்டு திரும்புகிறார். பிறகு 8 கிலோமீட்டரில் என் பிள்ளைகள் இருவர் ஏறுகிறார்கள். 6 கிலோமீட்டரில் முதன்மைச் சாலையை விட்டு ஒரு கிளைச் சாலைக்குள் 1 கிலோமீட்டர் திரும்பி, அங்கிருக்கும் வீட்டில் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு அதே வழியாக வெளியே வருகிறார். பள்ளியிலிருந்து கணக்கிட்டால் அந்த வீடு 7 கிலோமீட்டர். அதன் பிறகு 4 கிலோமீட்டரில் ஒரு பிள்ளை, 2 கிலோமீட்டரில் ஒரு பிள்ளை. மாலையில் இதே பாதை தலைகீழாக நடக்கிறது.

அந்தக் கிளைச் சாலையை நேரில் பார்த்திராவிட்டால் அதன் பொருள் எனக்கு விளங்கியிருக்காது. வீட்டு வாசலில் வேனைத் திருப்ப இடம் போதாது. வேன்காரர் கண்ணாடியைப் பார்த்தபடி பின்னால் எடுத்து, முன்னால் வந்து, மறுபடி பின்னால் எடுத்து, மூன்றாவது முயற்சியில்தான் திரும்பினார். அதுவரை பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகள் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களில் இருவர் என் பிள்ளைகள். இந்த ஒரு கிலோமீட்டர் முதன்மைச் சாலையில் வரும் ஒரு கிலோமீட்டரைப் போன்றதன்று. மற்ற கிலோமீட்டர்கள் பலருக்குப் பொதுவானவை. இதுவோ ஒரே வீட்டுக்கானது.

வாடகைக்குள் இருக்கும் இரண்டு செலவுகள்

12,000 என்பதை ஒரே தொகையாகப் பார்க்கும்வரை எந்தப் பங்கீடும் யாராவது ஒருவருக்கு அநியாயமாகத்தான் தெரியும். அந்தத் தொகைக்குள் இரண்டு வேறு வகையான செலவுகள் கலந்திருக்கின்றன. வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் ஆகும் செலவு ஒன்று: ஓட்டுநரின் சம்பளம், காப்பீடு, வரி, தகுதிச் சான்று, வண்டி வாங்கிய கடனின் தவணை. இதை நிலைச்செலவு என்று அழைக்கிறேன். ஓடினால் மட்டும் ஆகும் செலவு இன்னொன்று: எரிபொருள், எஞ்சின் எண்ணெய், டயர் தேய்மானம், பிரேக் பழுது. இதை ஓட்டச்செலவு என்கிறேன். தூரத்துக்கேற்பக் கூடிக் குறைய வேண்டியது இந்த இரண்டாவது பகுதி மட்டுமே.

வேன்காரர் முதலில் தயங்கினார். தம் இலாபத்தைத் தோண்டிப் பார்க்கிறோம் என்று நினைத்திருக்கலாம். மொத்தத் தொகையில் கை வைக்கப்போவதில்லை, அதன் பிரிவு மட்டுமே வேண்டும் என்று உறுதி கூறிய பிறகு, நிலைச்செலவும் அவருடைய வருவாயும் சேர்ந்து 8,100, ஓட்டச்செலவு 3,900 என்று சொன்னார். சொன்னதை அப்படியே ஏற்காமல் சரிபார்க்கவும் வழி உண்டு. ஒரு நாள் தொட்டியை முழுதாக நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி முழுதாக நிரப்பி, இடையில் ஊற்றிய எரிபொருளையும் ஓடிய கிலோமீட்டரையும் பார்க்க வேண்டும். எங்கள் பாதையில் முதன்மைச் சாலை 12, கிளை 1 என மொத்தம் 13 கிலோமீட்டர். ஒவ்வொரு கிலோமீட்டரையும் வேன் நாளுக்கு நான்கு முறை கடக்கிறது. ஆகவே நாளுக்கு 52, பள்ளி நடக்கும் 22 நாட்களுக்கு 1,144 கிலோமீட்டர். மீட்டர் இதைவிட மிக அதிகமாகக் காட்டினால் வேன் நடுவில் வேறு சவாரிக்கும் போகிறது என்று பொருள். அந்த ஓட்டத்தின் எரிபொருளை நம் கணக்கில் ஏற்றக்கூடாது. எங்கள் வேனில் இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

கூட்டத்தில் முதலில் வந்த யோசனை

தூரம் வேறுபடுகிறது என்றவுடன் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற விகிதக் கணக்குதான். ஆறு பிள்ளைகளின் தூரங்களைக் கூட்டினால் 2, 4, 7, 8, 8, 12 என மொத்தம் 41. 12,000ஐ 41ஆல் வகுத்து அவரவர் தூரத்தால் பெருக்கினால், 2 கிலோமீட்டர் வீட்டுக்கு 585, 12 கிலோமீட்டர் வீட்டுக்கு 3,512 என்று வருகிறது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, ஓட்டுநரின் சம்பளத்தையும் காப்பீட்டையும் இந்த முறை தூரத்தால் பங்கிட்டுவிடுகிறது. 2 கிலோமீட்டர் பிள்ளைக்கும் ஒரு முழு இருக்கை வேண்டும்; ஓட்டுநர் அந்தப் பிள்ளைக்காகவும் வண்டியை ஓட்டுகிறார். அந்தச் செலவுகளை வைத்துப் பார்த்தால் 585 என்பது இருக்கைக்கே போதாது. இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. 8 கிலோமீட்டர் வீடு 7 கிலோமீட்டர் வீட்டைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்கிறது இந்த முறை. உண்மையிலோ 12 கிலோமீட்டர் பிள்ளைக்காக வேன் எப்படியும் 8 கிலோமீட்டரைத் தாண்டித்தான் போகிறது. வழியில் நின்று என் பிள்ளைகளை ஏற்றிக்கொள்வதற்கு ஒரு அடிகூடக் கூடுதலாக ஓடவில்லை. 7 கிலோமீட்டர் வீட்டுக்காகத்தான் தனியாக உள்ளே போய் வருகிறது. பிள்ளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை இந்த முறை பார்க்கிறது. அந்தத் தூரத்தை யாருடன் பகிர்ந்துகொள்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

துண்டு துண்டாகப் பிரித்தல்

இதற்கு நன்கு ஆராயப்பட்ட விடை ஒன்று இருக்கிறது. ஒரு விமான ஓடுதளத்தைப் பல அளவு விமானங்கள் பயன்படுத்துகின்றன. சிறிய விமானத்துக்குக் குறைந்த நீளம் போதும், பெரியதற்கு அதிக நீளம் வேண்டும். கட்டிய செலவை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வியை லிட்டில்சைல்டு, ஓவன் என்ற இருவர் 1973இல் ஆராய்ந்தார்கள். ஓடுதளத்தைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் செலவையும் அந்தத் துண்டு தேவைப்படுவோருக்கு மட்டும் சமமாகப் பிரித்தால், அது லாயிட் ஷாப்லி 1953இல் வகுத்த பங்கீட்டு விதியோடு அப்படியே ஒத்துப்போகிறது என்று காட்டினார்கள். ஷாப்லி 2012இல் ஆல்வின் ராத்துடன் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஓடுதளத்தின் இடத்தில் சாலையையும் விமானங்களின் இடத்தில் பிள்ளைகளையும் வைத்தால் நம் வேன் கணக்கு கிடைத்துவிடுகிறது.

ஷாப்லியின் கருத்தைக் கூட்டத்தில் இப்படி விளக்கினேன். ஆறு பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக வேனில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தாம் சேர்ந்ததால் கூடிய செலவை மட்டும் கொடுக்கட்டும். முதலில் சேர்பவர் பெரும்பகுதியைத் தாங்குவார், கடைசியில் சேர்பவர் பெரும்பாலும் ஏதும் கொடுக்காமல் தப்பிப்பார். இது வரிசையைப் பொறுத்த அதிர்ஷ்டம். ஆகவே சாத்தியமான எல்லா வரிசைகளையும் எடுத்துச் சராசரி கண்டால் அதிர்ஷ்டம் கழிந்துவிடும். பள்ளியிலிருந்து முதல் 2 கிலோமீட்டர் ஆறு பேருக்கும் வேண்டும். அந்த ஆறில் யார் முதலில் சேர்ந்தாலும் அவர்தான் அதன் செலவை ஏற்பார். முதல்வராகும் வாய்ப்பு ஆறு பேருக்கும் சமம். எனவே ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. நிலைச்செலவுக்கும் இதே நியாயம் பொருந்துகிறது, ஏனெனில் வண்டி என்ற ஒன்று ஆறு பேருக்கும் வேண்டும். 8,100ஐ ஆறால் வகுத்தால் பிள்ளைக்கு 1,350.

ஓட்டச்செலவு 3,900ஐ 13 கிலோமீட்டரால் வகுத்தால் பாதையின் ஒரு கிலோமீட்டருக்கு மாதம் 300. முதல் 2 கிலோமீட்டரின் செலவு 600. ஆறு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 100. அடுத்த 2 கிலோமீட்டரின் 600ஐ ஐந்து பேர் பகிர்கிறார்கள், ஆளுக்கு 120. 4 முதல் 6 வரை நான்கு பேர், ஆளுக்கு 150. 6 முதல் 8 வரை மூன்று பேர், ஆளுக்கு 200. 8 முதல் 12 வரையிலான 1,200 கடைசி வீட்டுக்கு மட்டும். கிளைச் சாலையின் 300 அந்த 7 கிலோமீட்டர் வீட்டுக்கு மட்டும். அவரவர் கடக்கும் துண்டுகளைக் கூட்டி 1,350ஐச் சேர்த்தால் மாதப் பங்கு கிடைக்கிறது. மூன்று முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

| வீடு | சமப் பங்கு | தூர விகிதம் | துண்டுக் கணக்கு |
|---|---|---|---|
| 2 கி.மீ. | 2,000 | 585 | 1,450 |
| 4 கி.மீ. | 2,000 | 1,171 | 1,570 |
| 7 கி.மீ. (கிளைச் சாலை) | 2,000 | 2,049 | 2,020 |
| 8 கி.மீ. (இரு பிள்ளைகள்) | 4,000 | 4,683 | 3,840 |
| 12 கி.மீ. | 2,000 | 3,512 | 3,120 |

என் வீட்டுக்கு 160 குறைகிறது என்பதை முதலில் வாசித்தேன். பிள்ளைக்கு 1,920 என்ற என் பங்கு 7 கிலோமீட்டர் வீட்டின் 2,020ஐவிடக் குறைவாக இருப்பதைக் கண்டு அந்த வீட்டுக்காரர் உடனே கை தூக்கினார். "நான் உங்களைவிடப் பள்ளிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறேன்?" என்றார். கிளைச் சாலையின் 300 வேறு யாருக்கும் பயன்படாததையும், அதை நீக்கினால் அவருடைய பங்கு 1,720 ஆகிவிடுவதையும் காட்டியபோது ஒப்புக்கொண்டார்.

பங்கு நிலைக்குமா என்ற சோதனை

ஒரு பங்கீடு தாளில் அழகாக இருந்தால் மட்டும் போதாது. அதை ஏற்காமல் யாரும் வெளியேறிவிடக்கூடாது. இதற்கு இரண்டு எல்லைகளைப் பார்க்க வேண்டும். ஒருவர் வெளியேறினால் மிச்சமாகும் தொகையாவது அவரிடமிருந்து வர வேண்டும். இல்லையென்றால் மற்றவர்கள் அவரைச் சுமக்கிறார்கள். தனியாகப் போனால் ஆகும் தொகையைவிட அவரிடம் கூடுதலாக வாங்கக்கூடாது; வாங்கினால் அவர் போய்விடுவார்.

2 கிலோமீட்டர் பிள்ளை வெளியேறினால் மிச்சமாவது என்ன? ஒன்றுமே இல்லை. வேன் அந்த வாசலைக் கடந்துதான் போகும், ஓட்டுநருக்கும் அதே சம்பளம். ஆக அந்த வீடு கட்டும் ஒவ்வொரு காசும் மற்ற நான்கு வீடுகளின் சுமையைக் குறைக்கிறது. அவர்கள் போய்விட்டால் 12,000ஐ ஐந்து பேர் பகிர வேண்டும், சமப் பங்கு 2,400 ஆகிவிடும். "பக்கத்து வீடு போனால் போகட்டும்" என்று ஒருவர் சொன்னது இந்த எண்ணைப் பார்த்தவுடன் அடங்கியது. அவர்களுக்கு வெளியே கிடைக்கும் தொகை 1,500. துண்டுக் கணக்கு கேட்பது 1,450. இடைவெளி 50தான், என்றாலும் எல்லைக்குள் நிற்கிறது. 2, 4 கிலோமீட்டர் வீடுகள் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு வண்டி வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்றும் விசாரித்தோம். இருவருக்கும் சேர்த்து 3,200 என்றார்கள். எங்கள் கணக்கில் இருவரும் சேர்ந்து கட்டுவது 3,020. இந்தக் கூட்டுச் சோதனையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. தனித்தனியாகத் திருப்தியாக இருப்பவர்கள் இருவராகச் சேர்ந்து கணக்குப் பார்க்கும்போதுதான் வேன் உடைகிறது.

மறுமுனையில், 12 கிலோமீட்டர் வீடு வெளியேறினால் கடைசி 4 கிலோமீட்டரின் 1,200 மிச்சமாகும். சமப் பங்கில் அவர்கள் கட்டிய 2,000இல் இந்த 1,200 போக, பொதுச் செலவுக்கு அவர்கள் தந்தது 800 மட்டுமே. அதே நேரத்தில் 2 கிலோமீட்டர் வீடு முழு 2,000ஐயும் பொதுச் செலவுக்குத் தந்துகொண்டிருந்தது. சமமாகப் பிரித்தோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் நடந்தது இதுதான்.

மறுப்புகள்

மிகக் கடினமான உரையாடல் 12 கிலோமீட்டர் வீட்டுத் தந்தையுடன் நடந்தது. அவருக்கு ஒரே மாதத்தில் 1,120 கூடுகிறது. அவர் சொன்ன வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. "எல்லோருக்கும் முன்னால் ஏறிக் கடைசியில் இறங்குவது என் பிள்ளைதான். கூடுதல் நேரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கூடுதல் பணமா?" பிள்ளையின் களைப்பு உண்மையானது. ஆனால் அது வேனின் செலவில் ஏறுவதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் எதையும் நிறுக்க முடியாது. களைப்பைக் குறைக்க வழி வேண்டுமானால் பயண நேரத்தைக் குறைக்க வேண்டும், அதற்கான இடம் அந்தக் கிளைச் சாலை என்று சொன்னேன். அந்தப் பேச்சிலிருந்துதான் 7 கிலோமீட்டர் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். காலையில் தம் பிள்ளையை இருசக்கர வண்டியில் முனை வரை கொண்டு வந்து விடுவதாகவும், மாலையில் மட்டும் வேன் உள்ளே வந்தால் போதும் என்றும் கூறினார். கிளைச் சாலையின் செலவு பாதியாகி 150 ஆனது, அவருடைய பங்கு 1,870 ஆனது. காலையில் மற்ற மூன்று பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பும் இல்லாமல் போனது.

ஆனால் இந்தச் சேமிப்பு எங்களுக்குக் கிடைத்தது வேன்காரருடன் பேசி வைத்த ஒரு நிபந்தனையால்தான். மொத்தம் 12,000 என்று மட்டும் பேசியிருந்தால், வேன் நாளுக்கு 2 கிலோமீட்டர் குறைவாக ஓடியதன் பலன் அவரிடமே நின்றிருக்கும். நிலைத்தொகை 8,100, பாதையின் கிலோமீட்டருக்கு 300 என்று இரண்டு வரியாக எழுதிக்கொண்டதால் வாடகை 11,850 ஆகக் குறைந்தது. விடுமுறை மாதத்தில் நிலைத்தொகையை மட்டும் தருவதற்கும் இதே இரண்டு வரிதான் ஆதாரம். எரிபொருள் விலை ஏறும்போது பிள்ளைக்கு 100 கூட்டித் தரும்படி வேன்காரர்கள் கேட்பது வழக்கம். ஆறு பிள்ளைகளுக்கு அது 600. ஓட்டச்செலவு முழுவதுமே பத்தில் ஒரு பங்கு ஏறினாலும் 3,900க்குக் கூடுவது 390தான்.

உயர்வை ஒரே மாதத்தில் சுமத்த வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்தோம். அருகிலுள்ள வீட்டுக்கு 1,450ஐ உடனே தராவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள். ஆக அதைத் தள்ளிப்போட முடியாது. 4 கிலோமீட்டர் வீடும் நானும் எங்களுக்குக் குறைய வேண்டிய தொகையை முதல் மூன்று மாதங்களுக்கு விட்டுக்கொடுத்து, பழையபடி 2,000, 4,000 என்றே கட்டினோம். 7 கிலோமீட்டர் வீட்டின் மாற்றம் அவர்களுடைய பாதையால் வந்தது, அதை அப்படியே கழித்துக்கொண்டோம். கடைசி வீடு அந்த மூன்று மாதங்களுக்கு 2,530 கட்டியது, நான்காம் மாதத்திலிருந்து 3,120 கட்டத் தொடங்கியது.

இன்னொரு மறுப்பை நானே எழுப்பினேன். என் வாசலில் வேன் ஒரு முறைதான் நிற்கிறது. அப்படியிருக்க ஓட்டச்செலவைப் பிள்ளைக் கணக்கில் பார்ப்பதா, வீட்டுக் கணக்கில் பார்ப்பதா? வீட்டுக் கணக்கில் பார்த்தால் ஓட்டச்செலவில் என் பங்கு 1,140இலிருந்து 770 ஆகக் குறையும். அந்த 370இல் 200 கடைசி வீட்டின் தலையில் விழும், மீதி மற்ற மூவருக்குப் போகும். வேனில் காலி இருக்கை இருந்திருந்தால் வீட்டுக் கணக்குக்கு ஓரளவு நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். எங்கள் வேனில் பிள்ளைகளுக்கான ஆறு இருக்கைகளும் நிறைந்திருந்தன. என் இரண்டாவது பிள்ளை இல்லையென்றால் அந்த இருக்கையில் வேறொரு வீடு சேர்ந்து செலவைப் பகிர்ந்திருக்கும். பிள்ளைக் கணக்கே தங்கியது. ஏழாவது பிள்ளையை நெருக்கி உட்கார வைத்து எல்லோருடைய பங்கையும் குறைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அதை நாங்கள் விவாதத்துக்கே எடுக்கவில்லை.

இந்தக் கணக்கு பொருந்தாத இடம்

இரவில் வேன் எங்கே நிற்கிறது என்பதில் இந்தக் கணக்கு முழுவதும் தங்கியிருக்கிறது. வேன்காரரின் வீடு பாதையின் கடைசி முனையில் இருந்து, பகல் முழுவதும் வேன் பள்ளியருகிலேயே நின்றால், முதன்மைச் சாலையை அது நாளுக்கு இரண்டு முறைதான் கடக்கும். கிளைச் சாலைக்குள் மட்டும் முன்போலவே நான்கு முறை போய் வரும். அப்போது கிளையின் ஒரு கிலோமீட்டர் முதன்மைச் சாலையின் இரண்டு கிலோமீட்டருக்குச் சமம். மேலும் கடைசி வீட்டுக்காக மட்டும் வேன் அந்த 4 கிலோமீட்டரை ஓடுகிறது என்றும் சொல்ல முடியாது, ஏனெனில் வேன்காரர் எப்படியும் அந்த வழியாகத்தான் வேலைக்கு வருகிறார். அந்தத் துண்டை நிலைச்செலவோடு சேர்த்து எல்லோரும் பகிர்வதே முறை. வேறொரு வேனின் எண்களை எடுத்துத் தம் வேனுக்குப் பொருத்துவோர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒருவர் விலகும்போது

கணக்கை முடித்த பிறகு, 12 கிலோமீட்டர் வீடு ஒருவேளை விலகினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். கிளைச் சாலையை முழுதாகக் கொண்ட பழைய பாதையில் வாடகை 1,200 குறைந்து 10,800 ஆகும். ஆனால் ஐந்து பிள்ளைகள்தான் அதைப் பகிர வேண்டும் என்பதால் 2 கிலோமீட்டர் வீட்டின் பங்கு 1,450இலிருந்து 1,740 ஆகிவிடும். வெளியே அவர்களுக்குக் கிடைக்கும் 1,500ஐ அது தாண்டுகிறது. ஆக தொலைவிலுள்ள வீடு போனால் அருகிலுள்ள வீடும் போய்விடும். நான்கு பிள்ளைகள் அதே 10,800ஐச் சுமந்தால் சராசரி 2,700. இந்தச் சங்கிலியைத் தடுக்கவே ஒரு விதி சேர்த்தோம். விலகுபவர் ஒரு மாதம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்; அதன் பிறகு அந்த இருக்கை நிரம்பும்வரை, அதிகபட்சம் இரண்டு மாதங்களுக்கு, நிலைச்செலவின் 1,350ஐ மட்டும் தர வேண்டும். ஓட்டச்செலவு அவர்களைச் சேராது.

அந்த விதி சில மாதங்களிலேயே தேவைப்பட்டது, ஆனால் நாங்கள் எதிர்பார்த்த வீட்டில் அன்று. 4 கிலோமீட்டர் வீட்டார் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். சமப் பங்கு இருந்த காலமாயிருந்தால் அந்த இருக்கைக்கு யார் வந்தாலும் எல்லோருக்கும் ஒன்றுதான். இப்போது அப்படியில்லை. தம் பக்கத்தில் யாராவது சேர்ந்தால் கடைசி 4 கிலோமீட்டர் தம் தலையில் மட்டும் நிற்காது என்பதை 12 கிலோமீட்டர் வீட்டுத் தந்தை புரிந்துகொண்டிருந்தார். அவரே விசாரித்து, மூன்று வாரங்களுக்குள் 10 கிலோமீட்டரில், சாலையோரமாகவே இருக்கும் ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டார்.

மறுபடி தாளை எடுத்துப் போட்டேன். பாதை ஒரு அடிகூட நீளவில்லை, வாடகை அதே 11,850. புதிய பிள்ளையின் பங்கு 2,140. 12 கிலோமீட்டர் வீட்டின் பங்கு 3,120இலிருந்து 2,740 ஆகக் குறைந்தது. என் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,840, கிளைச் சாலை வீட்டுக்கும் அதே 1,840. 2 கிலோமீட்டர் வீட்டுக்கு 1,450 அப்படியே நின்றது. அவர்கள் கடக்கும் துண்டை அன்றும் ஆறு பேர் பகிர்ந்தார்கள், இன்றும் ஆறு பேர்தான் பகிர்கிறார்கள்.